போரா, ஆர்.ஓ.வா, ஒகேனக்கல் தண்ணீரா? தர்மபுரி ஊராட்சிகளுக்கு எதைப் பரிந்துரைப்பது

சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

நேரம் குறைவு என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரைடு உள்ள ஊராட்சிகளிலிருந்து தொகுதி மேம்பாட்டு நிதிக்கு வரும் குடிநீர் மனுக்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, புதிதாக ஒரு போர் போட்டுச் சின்டெக்ஸ் தொட்டி வைத்துத் தர வேண்டும். மற்றொன்று, ஆர்.ஓ. நிலையம் வேண்டும். இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஒகேனக்கல் குழாய் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் ஊர்களில், அந்தத் தண்ணீரைப் போர்த் தண்ணீரோடு கலக்காமல் தனியாகச் சேமித்துத் தனியாக விநியோகிக்கும் வேலைக்குப் பணத்தைக் கொடுங்கள். குழாய் எட்டாத குக்கிராமங்களுக்கு மட்டும் ஆர்.ஓ. சரி. போருக்குக் குடிநீர் என்ற பெயரில் பணம் கொடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

இனி வருபவை காரணங்கள். காரில் போகும்போது படித்தால் போதும்.

பிரச்சினை பாறையில் இருக்கிறது

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது கருங்கல் வகைக் கடினப் பாறை. அதிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நீர் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து காரத்தன்மை கூடும்போது இன்னும் அதிகமாகக் கரைகிறது. அதனால்தான் ஆழமாகப் போடும் போர் பல இடங்களில் நல்ல தண்ணீருக்குப் பதிலாகக் கூடுதல் ஃபுளோரைடைக் கொண்டுவருகிறது.

இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி உண்டு. அதைத் தாண்டிய நீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் முதுகும் மூட்டும் இறுகும். கறை படிந்த பல்லும் இறுகிய எலும்பும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். குளோரினும் இதற்கு உதவாது. நிறம், மணம், சுவை எதிலும் ஃபுளோரைடு தெரியாது என்பதால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மக்கள் சொல்வதை இந்த விஷயத்தில் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்காகவே வந்தது ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனோடு, சுமார் 1,929 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. இரண்டு மாவட்டங்களிலும் நகரங்கள், பேரூராட்சிகள் போக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகள் அதில் சேர்க்கப்பட்டன. காவிரியில் எடுத்த நீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, பெரிய தொட்டிகளில் தேக்கி, அங்கிருந்து கிளைக்குழாய்களில் ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

அப்படியானால் ஊரில் ஏன் இன்னும் ஃபுளோரைடு? பல இடங்களில் இதற்குப் பதில் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

தொட்டிக்குள் நடக்கும் கலப்படம்

கணக்குக்காக ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 4,000. ஜல் ஜீவன் திட்ட அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் மொத்தத் தேவை 2.2 லட்சம் லிட்டர். ஒகேனக்கல் குழாயில் சராசரியாக வந்து சேர்வது 80,000 லிட்டர் என்று வைப்போம். மீதி 1.4 லட்சம் லிட்டரை டேங்க் ஆபரேட்டர் ஊராட்சியின் போரிலிருந்து ஏற்றுகிறார். இரண்டு குழாயும் ஒரே மேல்நிலைத் தொட்டியில்தான் விழுகின்றன. ஆபரேட்டரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது அவர்தான், அதனால் எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் தொட்டியை நிரப்பிவிடுகிறார்.

ஆற்றுநீரில் ஃபுளோரைடு 0.3, போரில் 3.0 என்று கொள்வோம். கலந்த நீரில் எவ்வளவு இருக்கும்? 80,000 லிட்டர் ஆற்றுநீரில் 24 கிராம், 1.4 லட்சம் லிட்டர் போர்த் தண்ணீரில் 420 கிராம். ஆக மொத்தம் 444 கிராம், 2.2 லட்சம் லிட்டரில். வகுத்தால் லிட்டருக்கு 2.02 மில்லிகிராம். அனுமதிக்கப்பட்ட உச்சத்தையும் தாண்டிவிட்டது. காவிரியிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்த தண்ணீரைப் போர்த் தண்ணீருக்குள் ஊற்றிக் கெடுத்தாகிவிட்டது.

இதையே வேறு விதமாகப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். ஜல் ஜீவன் வழிகாட்டுதலும் நீர்த்தரம் கெட்ட ஊர்களுக்கு இடைக்கால ஏற்பாடாக இதே அளவைத்தான் சொல்கிறது. 4,000 பேருக்கு 40,000 லிட்டர். வந்து சேர்வதோ 80,000. அதாவது, தேவைப்படும் நல்ல தண்ணீரைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே ஊருக்குள் வருகிறது. குளிக்க, துணி துவைக்க, மாட்டுக்கு வைக்கப் போர்த் தண்ணீரே போதும். இந்த ஊருக்கு இப்போது தேவை புதிய நீராதாரம் அல்ல, இருக்கும் இரண்டு தண்ணீரையும் பிரிக்கும் ஏற்பாடு.

எல்லா ஊரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கடைமடை ஊர்களில் 80,000-க்குப் பதில் 15,000 மட்டுமே வரலாம். அங்கே கணக்கு மாறும். எந்த ஊர் எந்த வகை என்பது பணம் ஒதுக்கும் முன் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் வழி கடினமில்லை, கீழே சொல்கிறேன்.

முதல் வழி: புதிய போரும் சின்டெக்ஸ் தொட்டியும்

மனுக்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். காரணமும் புரிகிறது. சீக்கிரம் முடியும், கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகை வைக்கலாம், தெருவுக்கே தண்ணீர் வரும். தண்ணீரின் அளவுதான் குறை என்றால் இது நியாயமான கோரிக்கை.

ஆனால் குடிநீருக்கு இது சூதாட்டம். ஆயிரம் அடி தோண்டிய பிறகுதான் எவ்வளவு தண்ணீர், என்ன தரம் என்பது தெரியும். ஃபுளோரைடு 3 என்று வந்தாலும் யாரும் அந்தப் போரை மூடிவிட்டுப் போவதில்லை. மோட்டார் இறக்கி, தொட்டி வைத்து, திறப்பு விழா நடத்திவிடுவார்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது இன்னும் ஆழத்திலுள்ள பழைய நீர்தான் மேலே வரும். மழை முடிந்த கையோடு எடுத்த மாதிரியில் 1.4 என்று வந்த போர், சித்திரையில் அதைவிட மோசமாக இருக்கலாம்.

மின்செலவையும் பாருங்கள். 150 மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் ஏற்ற, மோட்டாரும் பம்பும் சேர்ந்து நாற்பது சதவீதத் திறனில் ஓடினால், ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். நாளொன்றுக்கு 1.4 லட்சம் லிட்டர் என்றால் 140 யூனிட்டுக்கு மேல், தினமும். இந்தப் பணம் உங்கள் நிதியிலிருந்து போகாது, ஊராட்சியின் கணக்கிலிருந்து போகும்.

சில ஊர்களில் ஏரிக்கரையை ஒட்டிய திறந்தவெளிக் கிணறு நல்ல நீர் தரும். ஆழமில்லாத, ஆண்டுதோறும் மழையில் புதுப்பிக்கப்படும் நீர் என்பதால் ஃபுளோரைடு குறைவாக இருக்கும். அப்படி ஒரு கிணறு இருந்தால் அதைத் தூர்வாரி, சுற்றுச்சுவர் எழுப்பி, மூடி போட்டுப் பாதுகாப்பது புதிய போரைவிட நல்ல செலவு. தடுப்பணை, மழைநீர்ச் செறிவூட்டல் ஆகியவையும் நீண்ட காலத்தில் நீரின் செறிவைக் குறைக்கக்கூடும். ஆனால் இந்தக் கோடைக்குப் பதில் கேட்டு நிற்கும் ஊருக்கு அவற்றைக் காட்ட முடியாது.

போர் கொடுத்தே ஆக வேண்டிய அரசியல் நிலைமை வந்தால் ஒரே ஒரு நிபந்தனை: ஆய்வக அறிக்கை வரும் வரை அதை மேல்நிலைத் தொட்டியோடு இணைக்கக் கூடாது.

இரண்டாம் வழி: ஆர்.ஓ. நிலையம்

ஆர்.ஓ. ஃபுளோரைடை உண்மையிலேயே நீக்கும். தொழில்நுட்பத்தில் குறை இல்லை, அளவில்தான் குறை.

ஊராட்சிகளில் வைக்கப்படும் நிலையங்கள் பெரும்பாலும் மணிக்கு 500 அல்லது 1,000 லிட்டர் திறன் கொண்டவை. ஆயிரம் லிட்டர் நிலையம் நாளில் 8 மணி நேரம் தடையின்றி ஓடினால் 8,000 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு 10 லிட்டர் வீதம் அது 800 பேருக்குத்தான் போதும். நம் எடுத்துக்காட்டு ஊராட்சிக்கு இப்படி ஐந்து நிலையங்கள் வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் என்ன ஆகும்? பக்கத்துத் தெருக்காரர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் 20 லிட்டர் கேனில் பிடித்துப் போவார்கள். தூரத்துக் காலனியில் இருப்பவர்கள் பழைய தண்ணீரையே குடிப்பார்கள். ஆனால் கோப்பில் அந்த ஊராட்சி முழுவதும் "பாதுகாப்பான குடிநீர் வழங்கப்பட்டது" என்று எழுதப்பட்டுவிடும்.

கேன் தண்ணீர் வாங்கும் வீட்டிலும் பாதி வேலைதான் நடக்கிறது. காசு கொடுத்துத் தூக்கி வந்த தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் குழம்புக்கும் குழாய்த் தண்ணீரையே ஊற்றுவார்கள். அரிசி ஊறுவதும் வேகுவதும் அந்தத் தண்ணீரில்தான். ஃபுளோரைடு அந்த வழியாகவும் உடம்புக்குள் போகிறது.

அடுத்தது கழிவுநீர். உள்ளே போகும் நீரில் நூற்றுக்கு நாற்பது சுத்தமாகி வெளிவந்தால் மீதி அறுபது கழிவு. நீக்கிய ஃபுளோரைடு முழுவதும் அந்த அறுபதுக்குள் இருக்கும். 3.0 உள்ள நீரை உள்ளே விட்டு 0.2 உள்ள நீரை எடுத்தால், கழிவில் ஏறக்குறைய 4.9 இருக்கும். ஐந்து நிலையங்களிலும் சேர்த்து ஊருக்குத் தேவையான 40,000 லிட்டரை எடுக்க, 60,000 லிட்டர் கழிவு தினமும் ஓடையிலோ குட்டையிலோ கலக்கும். நிலத்துக்குள் இறங்கி மறுபடி அதே போருக்கு வரும் வாய்ப்பும் உண்டு. மனுவோடு வரும் மதிப்பீட்டில் கழிவுநீர் எங்கே போகும் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்காது.

கடைசியாகப் பராமரிப்பு. நீரை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனை அடைப்பு வராமல் காக்க மருந்து விட வேண்டும், முன்வடிகட்டியை மாற்ற வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெம்பிரேனையே மாற்ற வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி கட்டித் தருவதற்கானது, பராமரிப்பதற்கானது அல்ல. ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடிந்ததும் நிலையம் ஊராட்சியின் தலையில் விழும். கெட்டுப்போன மெம்பிரேன் ஒரு நாளில் நின்றுவிடுவதில்லை. தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், ஃபுளோரைடும் மெல்ல மெல்லச் சேர்ந்து வரும். பரிசோதிக்காமல் யாருக்கும் தெரியாது. பூட்டிக் கிடக்கும் நிலையத்தைப் பார்த்தாலாவது மக்கள் வேறு தண்ணீர் தேடுவார்கள். இதில் அந்த எச்சரிக்கையும் கிடையாது.

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை, ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி ஆகியவற்றையும் யாராவது உங்களிடம் கொண்டுவரலாம். இரண்டும் வேலை செய்யும். இரண்டையும் தினமும், அல்லது சில வாரங்களுக்கு ஒருமுறை, கவனமாகக் கையாள ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாததுதான் ஊராட்சிகளின் பிரச்சினையே.

ஆனால் மலையோரத்திலோ காட்டோரத்திலோ நூறு, நூற்றைம்பது வீடுகள் உள்ள, ஒகேனக்கல் குழாய் எட்டாத குக்கிராமத்துக்கு ஆர்.ஓ.வே சரியான தேர்வு. அங்கே அளவு பொருந்தும், மாற்று வழியும் இல்லை.

மூன்றாம் வழி: வரும் தண்ணீரைப் பிரித்து வைப்பது

இதில் கட்டுமானம் குறைவு, ஒழுங்கு அதிகம். ஊர் எல்லையில் ஒகேனக்கல் நீர் நுழையும் இடத்தில், வரும் நீரை அளக்கும் ஒரு மீட்டர். அங்கே ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் தரைமட்டத் தொட்டி, அதாவது சம்ப். இரண்டு நாள் குழாய் வராவிட்டாலும் குடிக்கவும் சமைக்கவும் தேவையான 80,000 லிட்டர் கையில் இருக்கும். சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற ஒரு சிறிய மோட்டார். ஏற்றும் உயரம் இருபது மீட்டர் அளவுதான் என்பதால் மின்செலவு போரோடு ஒப்பிட்டால் சொற்பம். அப்புறம், போரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாயைத் துண்டித்து, தெருவில் ஏற்கெனவே இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிகளுக்குத் திருப்புவது. வீட்டுக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும், தெருத் தொட்டியில் போர்த் தண்ணீர் மட்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆளுக்கு 55 லிட்டர் வந்துகொண்டிருந்த வீட்டுக் குழாயில் இனி 20 லிட்டர்தான் வரும். முன்பு ஒரு மணி நேரம் ஓடிய குழாய் இருபது நிமிடத்தில் நின்றுவிடும். மீதிக்குத் தெருத் தொட்டியில் குடம் வைக்க வேண்டும், அந்தக் குடத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எம்.எல்.ஏ. வந்து தண்ணீரைக் குறைத்துவிட்டார் என்று பேச்சு வரும். காலிக் குடங்களோடு சாலை மறியல்கூட நடக்கலாம்.

இதைத் தவிர்க்க இன்னொரு ஏற்பாடு உண்டு: ஒரே தொட்டி, ஒரே குழாய், ஆனால் வேறு வேறு நேரம். காலையில் ஒகேனக்கல் தண்ணீர், மாலையில் போர்த் தண்ணீர். வீட்டில் குடிநீருக்கும் புழக்கத்துக்கும் தனிப் பாத்திரம். எங்களூரில் ஒகேனக்கல் தண்ணி வேறு, போர்த் தண்ணி வேறு என்று மக்கள் பிரித்துப் பேசுவது வழக்கம்தான், அதனால் இது புதுப் பழக்கம் இல்லை. தொட்டியில் மாலைத் தண்ணீர் மிச்சம் இருக்குமே, அது கலக்காதா? கலக்கும், ஆனால் சிறிதளவு. 60,000 லிட்டர் தொட்டியின் அடியில் 6,000 லிட்டர் போர்த் தண்ணீர் நின்று, அதன்மேல் 54,000 லிட்டர் ஆற்றுநீர் ஏறினால், கலவை 0.57. ஏற்கத்தக்க அளவான 1-க்கும் கீழே. குழாயில் முதலில் வரும் பழைய தண்ணீரைப் புழக்கத்துக்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

பொறியாளர்கள் முதல் ஏற்பாட்டைத்தான் விரும்புவார்கள், தவறு நடக்க இடமில்லை என்பதால். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். மக்கள் ஏற்றுக்கொள்ளாத ஏற்பாட்டில் ஒரு மாதத்துக்குள் யாராவது துண்டித்த குழாயை மறுபடி இணைத்துவிடுவார்கள். நேரம் பிரிக்கும் முறை ஆபரேட்டரின் ஒழுங்கை நம்பியிருப்பது உண்மைதான். ஆனால் அவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்பதை யார் வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது

ஆர்.ஓ. விற்பவர்கள் வீட்டுக்கு வந்து காட்டும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அது ஃபுளோரைடை அளக்காது, கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தைத்தான் அளக்கும். ஆனால் கலப்பைக் காட்டிக்கொடுக்க அது அருமையான கருவி. ஊருக்கு வரும் ஒகேனக்கல் தண்ணீரில் 250, போர்த் தண்ணீரில் 1,200 காட்டுகிறது என்று வைப்போம். காலையில் ஒரு வீட்டுக் குழாயில் 850 காட்டினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 950, அதில் 600 ஏறியிருக்கிறது. ஆக, பிடித்த தண்ணீரில் நூற்றுக்கு 63 போர்த் தண்ணீர். மேலே சொன்ன ஊராட்சியின் கலவையும் இதேதான். 300-க்குப் பக்கத்தில் காட்டினால் ஆபரேட்டர் சொன்னபடி செய்கிறார் என்று அர்த்தம்.

ஃபுளோரைடின் அளவு தெரிய ஜல் ஜீவன் திட்டத்தில் கொடுத்த களப் பரிசோதனைப் பெட்டி போதும். மருந்து விட்டதும் நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. மாதிரியைத் தொட்டியடியில் எடுக்காமல் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் எடுக்க வேண்டும், அதுவும் கோடையில். உங்களிடம் காட்டப்படும் அறிக்கையில் மாதிரி எடுத்த இடமும் தேதியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீராதாரத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த மாதிரியை வைத்து ஊரின் குடிநீரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை மீட்டர் வைக்கும் முன்பே அளக்கலாம். தொட்டியின் வெளிக்குழாய் வால்வை மூடிவிட்டு, போர் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் ஒரு மணி நேரம் விட வேண்டும். ஐந்து மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர். மணிக்கு ஒரு மீட்டர் உயர்ந்தால் 20,000 லிட்டர், நான்கு மணி நேரம் வந்தால் 80,000. ஒரு குச்சியும் கடிகாரமும் போதும். ஒரு நாள் அளந்து முடிவு செய்யாமல் ஒரு வாரம் அளக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வந்து மறுநாள் வராத ஊர்கள் உண்டு.

தண்ணீரே குறைவாக வரும் ஊர்கள்

நாளொன்றுக்கு 40,000-க்கும் குறைவாக வருகிறது என்று தெரிந்தால், சம்ப் கட்டி என்ன பயன்? தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் குழாய் வழியே பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமான இடங்கள் மூன்று. முன்னால் உள்ள ஊர்த் தொட்டி நிரம்பியும் வால்வு மூடப்படாமல் வழிந்தோடுவது. சாலையோர ஏர் வால்வைத் தளர்த்திவிட்டுக் குடம் பிடிப்பது, மாடு குளிப்பாட்டுவது. கிளைக்குழாயில் திருட்டு இணைப்பு. இவற்றில் எதற்கும் உங்கள் நிதி தேவையில்லை, முன்னால் உள்ள அந்த ஊர்த் தொட்டிக்கு, நிரம்பியதும் தானாக மூடும் மிதவை வால்வு வாங்கும் சிறு செலவைத் தவிர.

இங்கே நிர்வாகத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஊர்த் தொட்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வரை குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு ஊராட்சியின் பொறுப்பு. தண்ணீரைக் கொடுத்துவிட்டோம் என்று வாரியம் சொல்லும், வரவில்லை என்று ஊராட்சி சொல்லும். நடுவில் மீட்டர் இல்லையென்றால் இருவர் சொல்வதையும் மறுக்க முடியாது. அதனால்தான் மூன்றாம் வழியில் மிக மலிவான பொருளான அந்த மீட்டரை மிக முக்கியமானதாக நினைக்கிறேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் வாரியத்தின் நிர்வாகப் பொறியாளரையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மீட்டர் எண்ணை மட்டும் கேளுங்கள்.

வால்வு, கசிவு எல்லாம் சரிசெய்த பிறகும் 40,000 வரவில்லை என்றால், பெரிய திட்டத்தின் திறனைக் கூட்டினால்தான் தீரும். அது மாநில அரசின் முடிவு, பல ஆண்டு வேலை. அந்த ஊர்களுக்கு இடைக்காலமாக ஆர்.ஓ. கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஊர் முழுவதற்கும் போதுமான எண்ணிக்கையில், கழிவுநீருக்கு வழியோடு என்றால்.

மூன்றாம் வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. எல்லாம் ஒரே நீண்ட குழாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீரேற்று நிலையத்தில் மின்தடை, பிரதானக் குழாயில் உடைப்பு என்றால் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே நாளில் தண்ணீர் நிற்கும். இரண்டு நாள் சேமிப்பு என்று சம்பின் அளவை வைத்தது அதற்காகத்தான். உடைப்பு ஒரு வாரம் நீடித்தால் ஊர் மறுபடி போர்த் தண்ணீரைக் குடிக்கும். ஒரு வாரம் குடிப்பதால் பல் கறைபடியாது. ஆண்டுக்கணக்கில் குடிப்பதுதான் ஆபத்து. நீண்ட தூரம் வரும் நீரில் குளோரின் குறைந்துவிடும் என்பதால் சம்பில் மறுபடி குளோரின் சேர்க்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது விதி.

கையெழுத்துக்கு வரும் கடிதம்

தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்குள் பள்ளிக் கட்டடமும் சாலையும் போக மிஞ்சுவதில்தான் குடிநீர் வேலை. எல்லா ஊராட்சியையும் எடுக்க முடியாது. ஃபுளோரைடு 1.5-க்கு மேல் வீட்டுக் குழாயில் பதிவான ஊர்களில், ஒகேனக்கல் தண்ணீர் 40,000 லிட்டருக்கு மேல் வந்தும் கலக்கப்படும் ஊர்களை முதலில் எடுங்கள். மக்கள்தொகை வேறாக இருந்தால் ஆளுக்கு 10 லிட்டர் என்ற கணக்கில் அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பணம் போடும் இடங்களிலேயே பலன் மிக விரைவாகத் தெரிவது இவற்றில்தான்.

மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதத்தில் "குடிநீர் வசதி செய்து தருதல்" என்று பொதுவாக எழுதினால் மதிப்பீடு போராகத்தான் திரும்பி வரும். வேலையின் பெயரையே இப்படி எழுதச் சொல்லுங்கள்: ஒகேனக்கல் குடிநீரைத் தனியே சேமிக்கத் தரைமட்டத் தொட்டி, நுழைவு மீட்டர், மோட்டார், போர் நீர் இணைப்பைப் பிரிக்கும் குழாயும் வால்வும். மதிப்பீட்டோடு இணைக்க வேண்டியவை: கோடையில் கடைசி வீட்டுக் குழாயில் எடுத்த ஃபுளோரைடு அறிக்கை, ஒரு வார வரத்து அளவு, காலை மாலை விநியோக நேரத்துக்கு ஊராட்சியின் தீர்மானம். இந்த மூன்றும் இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம்.